சாவியை நீட்டினால் போதுமா?

குவாண்டம் கணினி பற்றி நாளிதழில் ஒரு செய்தி வந்தால் போதும், வங்கியின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் அன்று மாலைக்குள் ஒரு கேள்வி எழும். "நாம் இப்போது 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி வைத்திருக்கிறோம். அதை 4096 ஆக்கிவிட்டால் என்ன?"

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆர்எஸ்ஏ பிறந்த நாளிலிருந்து அதற்கு வந்த எல்லா நோய்க்கும் கொடுக்கப்பட்ட மருந்து அதுதான். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் உருவாக்கிய அந்த முறை, ஒரே ஒரு கணக்கின் கடினத்தை நம்பி நிற்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த விடையை மட்டும் கொடுத்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்கச் சொன்னால் கடினம். அதே ஆண்டு மார்ட்டின் கார்டனர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் 129 இலக்க எண் ஒன்றை அச்சிட்டு, அதன் காரணிகளைக் கண்டு உள்ளே பூட்டியிருக்கும் செய்தியைப் படிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார். அதற்கு 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்று ஒரு மதிப்பீடும் கூடவே வந்தது. 1994 ஏப்ரலில் விடை கிடைத்துவிட்டது. இணையம் வழியே சேர்ந்த சுமார் 600 தன்னார்வலர்கள், ஏறத்தாழ 1600 கணினிகள், எட்டு மாத உழைப்பு.

கணினிகள் வேகம் பெற்றன, கணித வழிமுறைகளும் மேம்பட்டன. உலகம் அதற்கேற்பச் சாவியை நீட்டிக்கொண்டே போனது: 512 பிட், 1024, பிறகு 2048. அந்த மருந்து நன்றாகவே வேலை செய்தது. 2020இல் 250 இலக்க எண் ஒன்றை உடைத்தார்கள். ஒரே ஒரு கணினி உள்ளகம் அதைச் செய்திருந்தால் 2700 ஆண்டுகள் ஆகியிருக்கும். வங்கிகள் இன்று பயன்படுத்தும் 2048 பிட் எண்ணுக்கு 617 இலக்கங்கள். 1024 பிட்டிலிருந்து 2048க்குப் போனபோது உடைப்பவரின் வேலை சுமார் 400 கோடி மடங்கு கூடியது. நமக்கோ சாவி இரண்டு மடங்கு நீண்டது, அவ்வளவுதான். இப்படி ஒரு பேரம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அந்தப் பேரம்தான் குவாண்டம் கணினியிடம் செல்லாது. 129 இலக்க எண் உடைந்த அதே 1994இல், பெல் ஆய்வகத்தில் இருந்த பீட்டர் ஷோர் வேறொரு வழியைக் காட்டினார். அவர் காரணிகளைத் தேடவே இல்லை. தேடியது ஒரு சுழற்சியை.

ஒரு சிறிய எண்ணில் இதைச் செய்து பார்ப்போம். 91ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் பகா எண் போலத் தோன்றும், ஆனால் இல்லை. இப்போது 3இன் அடுக்குகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் 91ஆல் வகுத்து மீதியை மட்டும் குறித்துக்கொள்வோம். 3, 9, 27, 81. அடுத்தது 243, அதை 91ஆல் வகுத்தால் மீதி 61. அதை மூன்றால் பெருக்கினால் 183, மீதி 1. ஒன்று வந்ததும் வரிசை மறுபடி 3, 9, 27 என்று தொடங்கிவிடும். ஆக, சுழற்சியின் நீளம் 6.

இந்த 6 கையில் வந்தபின் மிச்சமெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. அதில் பாதி 3. மூன்றின் மூன்றாம் அடுக்கு 27. அதற்கு ஒன்று குறைவான எண் 26, ஒன்று கூடுதலான எண் 28. 26க்கும் 91க்கும் மீப்பெரு பொதுக் காரணி 13. 28க்கும் 91க்கும் 7. முடிந்தது: 91 என்பது 7 × 13. எப்போதும் இப்படி முதல் முயற்சியிலேயே அமையாது. 3க்குப் பதில் 16ஐ எடுத்திருந்தால் சுழற்சி 3 என்று ஒற்றைப்படையாக வரும், பாதியாக்க முடியாது. அப்போது வேறொரு எண்ணை எடுத்து மறுபடி செய்ய வேண்டும். சில முயற்சிகளில் கட்டாயம் கிடைத்துவிடும்.

காரணிகள் கிடைத்தால் தனிச் சாவி கிடைத்த மாதிரிதான். 91 என்ற பூட்டுக்குப் பொதுச் சாவி 5 என்று வைப்போம். 10 என்ற செய்தியை ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்தி 91ஆல் வகுத்தால் மீதி 82; கம்பியில் போவது இந்த 82தான். 7, 13 இரண்டும் தெரிந்தவர் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து 6 × 12 = 72 என்று பெருக்குவார். ஐந்தால் பெருக்கி 72ஆல் வகுத்தால் மீதி 1 தரும் எண் எது என்று பார்ப்பார். அது 29. 82ஐ இருபத்தொன்பதாம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 10 திரும்ப வந்து நிற்கும்.

இதெல்லாம் சாதாரணக் கணினியிலும் செய்யலாமே என்று கேட்கலாம். செய்யலாம், 91க்குச் செய்யலாம். 617 இலக்க எண்ணுக்குச் சுழற்சியின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவு இலக்கங்கள் கொண்டதாக இருக்கும். ஒவ்வொரு அடுக்காக எழுதிப் பார்த்து அதை அடைவது நடக்கவே நடக்காது.

குவாண்டம் கணினி இங்கே என்ன செய்கிறது என்பதைப் பெரும்பாலான கட்டுரைகள் தவறாகச் சொல்லிவிடுகின்றன. "எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று சரியானதை எடுத்துவிடும்" என்பார்கள். அப்படி ஒரு வித்தை அதனிடம் இல்லை. ஏராளமான அடுக்கு எண்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே நிலையில் வைத்து, எல்லாவற்றுக்கும் மீதியை ஒரே ஓட்டத்தில் கணக்கிட முடியும் என்பது உண்மைதான். ஆனால் அளந்து பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும், மற்றவை மறைந்துவிடும். நம் எடுத்துக்காட்டில் மீதி 9 என்று அளவீட்டில் வந்ததாக வைப்போம். அந்த மீதியைத் தரும் அடுக்குகள் 2, 8, 14, 20 என ஆறு ஆறாகத் தள்ளி நிற்கும். அவற்றில் இரண்டைப் பார்க்க முடிந்தால் கழித்து 6 என்று சொல்லிவிடலாம். பார்க்கக் கிடைப்பதோ ஒன்றுதான், 14 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. மறுபடி ஓட்டினால் வேறு மீதி, வேறு தொடக்கம்.

ஷோரின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. அளப்பதற்கு முன் அந்த நிலையை ஃபூரியே மாற்றம் என்ற படியின் வழியே செலுத்துகிறார். குவாண்டம் நிலைகள் அலைகளைப் போலக் கூடவும் செய்யும், ஒன்றையொன்று அழிக்கவும் செய்யும். வரிசை எங்கே தொடங்கியது என்ற தகவல் அந்தப் படியில் அழிந்துபோகிறது. எவ்வளவு இடைவெளி என்ற தகவல் மட்டும் வலுத்து நிற்கிறது. இப்போது அளந்தால் ஆறில் ஒரு பங்கு, ஆறில் ஐந்து பங்கு போன்ற ஒரு பின்னத்துக்கு மிக நெருக்கமான எண் வரும். அதன் பகுதியிலிருந்து 6ஐ எடுத்துக்கொள்ளலாம். சுழற்சி இருக்கும் கணக்குகளில் மட்டுமே இந்த உத்தி பலிக்கும். ஆர்எஸ்ஏவின் அடியில் அப்படி ஒரு சுழற்சி இருப்பதுதான் அதன் துரதிர்ஷ்டம். நீள்வட்ட வளைவுச் சாவிகளின் அடியிலும் அதே வகைச் சுழற்சி உண்டு. ஆகவே அவையும் தப்பாது. ஏஇஎஸ் போன்ற, இருபுறமும் ஒரே சாவியைப் பயன்படுத்தும் முறைகளில் அப்படி எதுவும் இல்லை. ஏஇஎஸ்-256 வைத்திருக்கும் வங்கி அதைத் தொடத் தேவையில்லை.

இனி அந்த முதல் கேள்விக்கு வரலாம். சாவியை 2048இலிருந்து 4096 ஆக்கினால் ஷோரின் வழிமுறைக்கு க்யூபிட் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும், வேலை எட்டு மடங்கு கூடும். அவ்வளவுதான். 400 கோடி மடங்கு இருந்த இடத்தில் எட்டு. 2048ஐ ஒரு வாரத்தில் உடைக்கும் இயந்திரம் வந்துவிட்டால், 4096க்குக் கொஞ்சம் பெரிய இயந்திரமும் இரண்டு மாதமும் போதும்.

அந்த இயந்திரம் இன்று இல்லை. 2001இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் ஏழு க்யூபிட்களில் 15ஐ 3 × 5 என்று பிரித்தார்கள். அதன் பிறகு ஷோரின் முறையில் உடைந்தவை எல்லாம் பொம்மை எண்களே. 2024இல் கூகுள் அறிவித்த வில்லோ சில்லில் இருப்பவை 105 க்யூபிட். அதே ஆண்டு, சீன ஆய்வாளர்கள் ராணுவ மறையாக்கத்தையே உடைத்துவிட்டார்கள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. வங்கித் தலைவர்கள் சிலருக்கும் போயிருக்கும். அவர்கள் உடைத்தது 22 பிட் எண். அதுவும் ஷோரின் முறையில் அல்ல. கைபேசி அதை இமைப்பொழுதில் செய்துவிடும்.

கவனிக்க வேண்டியது வேறொரு எண் வரிசை. 2019இல் கிரெக் கிட்னியும் மார்ட்டின் எகெராவும் 2048 பிட் ஆர்எஸ்ஏவை எட்டு மணி நேரத்தில் உடைக்க இரண்டு கோடி க்யூபிட் வேண்டும் என்று கணக்கிட்டார்கள். க்யூபிட்கள் அடிக்கடி பிழை செய்யும். பிழையைத் திருத்தவே அவற்றில் பெரும்பகுதி செலவாகும், அதனால்தான் இவ்வளவு. 2025 மே மாதம் அதே கிட்னி வெளியிட்ட புதிய கணக்கு: பத்து லட்சத்துக்கும் குறைவான க்யூபிட், ஒரு வாரத்துக்கும் குறைவான நேரம். இயந்திரம் ஒரு பக்கம் வளர்கிறது. தேவையோ இன்னொரு பக்கம், வெறும் காகிதக் கணக்கிலேயே, இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இவை இரண்டும் எந்த ஆண்டில் சந்திக்கும் என்று யாராவது தேதி சொன்னால் நம்ப வேண்டாம்.

தேதி தெரியாமல் எப்படித் திட்டமிடுவது? வங்கிக்குள் எல்லாம் ஒரே அவசரம் அல்ல என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். திருடன் இன்றே பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, இயந்திரம் வந்த நாளில் திறக்கலாம் என்ற ஆபத்து ரகசியத்துக்கு உண்டு. கையெழுத்துக்கு அது பெரும்பாலும் இல்லை. நேற்று முடிந்த ஓர் இணைப்பில் இருந்த கையெழுத்தை நாளை போலியாகப் போட்டு என்ன பயன்? ஆகவே முதல் வேலை, ரகசியத்தை ஆர்எஸ்ஏ எங்கெல்லாம் நேரடியாகத் தாங்குகிறது என்று தேடுவது.

பலர் வங்கியின் இணையதளத்தில்தான் தொடங்குவார்கள். நான் தொடங்கச் சொல்வது இரவில் போகும் கோப்புகளில். புதிய வாடிக்கையாளர்களின் கேஒய்சி விவரங்கள் ஒவ்வோர் இரவும் வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரி, அடையாள அட்டையின் படம். கோப்பு பிஜிபி முறையில் பூட்டப்படுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஓர் ஏஇஎஸ் சாவி பிறக்கும். கோப்பைப் பூட்டுவது அதுதான். அந்தச் சிறிய சாவியை, பெறுபவரின் ஆர்எஸ்ஏ பொதுச் சாவியால் பூட்டிக் கோப்பின் தலையிலேயே ஒட்டி அனுப்புவார்கள். பெறுபவரின் ஆர்எஸ்ஏ சாவி ஒன்றே ஒன்று. பல இடங்களில் அது ஐந்து, எட்டு ஆண்டுகளாக மாறாமல் இருக்கும். அதை உருவாக்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அனுப்பிய கோப்புகளின் பழைய பிரதிகள் எஸ்எஃப்டிபி சர்வரில் அழிக்கப்படாமல் கிடக்கும். ஒருவன் ஒருமுறை உள்ளே புகுந்து அவற்றை அள்ளிக்கொண்டால், பிற்பாடு ஒரே ஓர் எண்ணைக் காரணிப்படுத்தினால் போதும். எட்டு ஆண்டுக் கோப்பும் திறந்துகொள்ளும். பான் எண்ணும் பிறந்த தேதியும் கடவுச்சொல்லைப் போல மாற்றக்கூடியவை அல்லவே.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு வரி போதும்:

```
gpg --list-packets kyc.pgp
```

விடையில் `pubkey enc packet` என்ற வரியில் `algo 1` என்று இருந்தால் ஆர்எஸ்ஏ. `algo 18` என்றால் நீள்வட்ட வளைவு. அதற்கும் இதே கதிதான்.

இதன் அவசரத்தை அளக்க, வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மிஷேல் மோஸ்கா சொன்ன எளிய கூட்டல் உதவும். தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்பதையும், முறையை மாற்ற எத்தனை ஆண்டு ஆகும் என்பதையும் கூட்டுங்கள். அந்தத் தொகை, இயந்திரம் வர ஆகும் காலத்தை மிஞ்சினால் ஏற்கெனவே தாமதம். கேஒய்சி விவரம் 15 ஆண்டு, மாற்ற 5 ஆண்டு, மொத்தம் 20. இயந்திரம் 15 ஆண்டில் வரும் என்று வைத்தால், மாற்றத்துக்கு முந்தைய நாள் அனுப்பிய கோப்பு ஐந்து ஆண்டு வெட்டவெளியில் நிற்கும். மோஸ்காவின் கூட்டலில் இயந்திரத்தின் தேதி யூகம். மற்ற இரண்டும் வங்கியின் கையில் இருப்பவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அனுப்பும் விவரங்களைக் குறைக்கலாம். பழைய பிரதிகளை இந்த வாரமே அழிக்கலாம். பெறுபவர்கள் மூன்று நான்கு பேர்தான் என்றால், ஏஇஎஸ்-256 சாவியை இரண்டு துண்டாக்கி இரண்டு அதிகாரிகள் நேரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழைய வழக்கத்துக்கே திரும்பலாம். ஏடிஎம் சாவிகளுக்கு வங்கிகள் அதைச் செய்து பழகியவைதான். பெறுபவர் ஆயிரக்கணக்கில் இருந்தால் இது சரிப்படாது.

அடுத்து இணைய இணைப்புகள். பழைய டிஎல்எஸ் 1.2இல் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் இணைப்பின் ரகசியச் சாவியே சர்வரின் ஆர்எஸ்ஏ சாவியால் பூட்டப்பட்டு வரும். பிஜிபி கோப்புக்கு நேரும் அதே ஆபத்து இதற்கும் உண்டு. மற்றதில் ஒவ்வோர் இணைப்புக்கும் தற்காலிகச் சாவி பிறந்து மறையும். திருடன் ஒவ்வொன்றையும் தனித்தனியாக உடைத்தாக வேண்டும். முதல் விதத்தை உங்கள் சர்வர் இன்னும் ஏற்கிறதா என்று பார்க்க:

```
openssl s_client -connect bank.example:443 -tls1_2 -cipher AES256-GCM-SHA384
```

இணைப்பு அமைந்துவிட்டால் ஏற்கிறது என்று பொருள். வெளி முகப்பில் இது பெரும்பாலும் மூடப்பட்டிருக்கும். கிளைக்கும் மையத்துக்கும் நடுவே, யாரும் தொடாத உள் செயலிகளில்தான் அகப்படும். இதை மூடுவதற்குக் குவாண்டம் திட்டமோ தனி நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.

நிரந்தரத் தீர்வாக அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2024 ஆகஸ்டில் புதிய தரநிலைகளை வெளியிட்டது. சாவி பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம், கையெழுத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏ. சுழற்சி இல்லாத வேறொரு கணக்கின் மேல் கட்டப்பட்டவை இவை. 2048 பிட் ஆர்எஸ்ஏவை 2030க்குப் பின் தவிர்க்க வேண்டியதாகவும், 2035க்குப் பின் கூடாததாகவும் அதன் வரைவு சொல்கிறது. ஆனால் புதியதை மட்டும் நம்பி ஏறவும் வேண்டாம். இதே போட்டியில் பல சுற்று தாண்டி வந்த சைக் என்ற முறையை, 2022இல் இரண்டு கணிதவியலாளர்கள் சாதாரணக் கணினியில் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். குவாண்டம் எதுவும் தேவைப்படவில்லை. அதனால்தான் இன்று பழைய நீள்வட்ட வளைவையும் எம்எல்-கெம்மையும் சேர்த்துப் பின்னுகிறார்கள். இரண்டும் உடைந்தால்தான் ரகசியம் வெளியாகும். திரையில் அதன் பெயர் `X25519MLKEM768`. ஓபன்எஸ்எஸ்எல் 3.5இல் இப்படிச் சோதிக்கலாம்:

```
openssl s_client -connect bank.example:443 -groups X25519MLKEM768
```

நடைமுறையில் சிக்கல் வருவது கணிதத்தில் அல்ல, அளவில். பழைய முறையில் உலாவி அனுப்பும் சாவி 32 பைட். எம்எல்-கெம் 768இன் பொதுச் சாவி 1184 பைட். உலாவியின் முதல் வணக்கமே ஒரு பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாக உடையும். 2024இல் குரோம் உலாவி இத்தகைய கலப்பு முறையை இயல்பாக இயக்கியபோது, சில தளங்கள் திறக்காமல் போயின. முதல் பாக்கெட்டைப் படித்தவுடனேயே முழுச் செய்தியும் வந்துவிட்டதாக எண்ணி இணைப்பைத் துண்டித்த சர்வர்களும் இடைக்கருவிகளும்தான் காரணம். வங்கியில் ஃபயர்வால், லோடு பேலன்சர், போக்குவரத்தைச் சோதிக்கும் கருவி என்று இடையில் நான்கைந்து பெட்டிகள் இருக்கும். "சில வாடிக்கையாளருக்கு மட்டும், சில உலாவியில் மட்டும் தளம் வரவில்லை" என்று புகார் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அவற்றைத்தான்.

கையெழுத்துகள் இரண்டாவது வரிசை என்று சொன்னேன். ஒரு விலக்கு உண்டு. நீண்ட காலம் வாழும் கருவிகளுக்குள் பதிக்கப்பட்ட ஆர்எஸ்ஏ சாவிகள். தொலைவிலிருந்து ஏடிஎம்முக்குச் சாவி ஏற்றும் முறை ஆர்எஸ்ஏ சான்றிதழ்களை நம்புகிறது. அதன் மூலச் சாவியை உடைத்தவன் தன்னையே வங்கி என்று சொல்லிக்கொள்ளலாம். சிப் அட்டைகளில் சிக்கல் இன்னும் இறுக்கமானது. ஈஎம்வி அட்டையின் ஆர்எஸ்ஏ சாவி அதிகபட்சம் 1984 பிட், அதாவது 248 பைட். அட்டைக்கும் கருவிக்கும் நடுவே ஒரே செய்தியில் போகக்கூடியது அவ்வளவுதான். எம்எல்-டிஎஸ்ஏவின் மிகச் சிறிய கையெழுத்தே 2420 பைட். இதை ஒரு வங்கி தனியாகத் தீர்க்க முடியாது. அட்டை நிறுவனங்கள் விதியை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வங்கி மையத்துடன் நேரடியாகப் பேசி ஒப்புதல் பெறும் பரிவர்த்தனைகள் ஒற்றைச் சாவி முறையில் ஓடுவதால், அங்கே பதற்றத்துக்கு இடமில்லை.

வங்கியின் கையில் இருப்பது கொள்முதல். இந்த ஆண்டு வாங்கும் ஏடிஎம்மும் எச்எஸ்எம் பெட்டியும் 2035ஐ நெருங்கும்வரை ஓடும். எச்எஸ்எம் ஒப்பந்தத்தில், எம்எல்-கெம்மும் எம்எல்-டிஎஸ்ஏவும் மென்பொருள் புதுப்பிப்பாகவே வருமா, வந்தபின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுமா, விநாடிக்கு எத்தனை கையெழுத்து போடும் என்று எழுத்தில் கேளுங்கள். ஏடிஎம் விற்பவரிடம், கருவிக்குள் பதித்த மூலச் சாவியை ஆள் நேரில் போகாமல் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். "முடியாது" என்று பதில் வந்தால், ஒவ்வொரு ஏடிஎம்முக்கும் ஆள் அனுப்பும் செலவை இன்றைய விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்.